நாலு கோடும் நிறைந்திருந்த அறை

கரண்டியில் பாதிதான் எடுக்க வேண்டும். உதட்டோரம் வைத்து, தாடையைக் கொஞ்சம் குனியவிட்டு, வாய்க்குள் சாய்க்க வேண்டும். பிறகு தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கிய பிறகும் ஒரு வார்த்தை பேசச் சொல்லி, குரல் சளசளவென்று வருகிறதா, தெளிவாக வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கரண்டி. கண்டக்டருக்குக் கஞ்சி ஊட்டுவது அப்படித்தான். பக்கவாதம் வந்ததில் அவருக்குக் கையும் காலும் பாதி போயிருந்தன. விழுங்குவதில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து போனால், வாயில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும்.

"பேசுங்க, கண்டக்டர்."

"ரைட், போகலாம்," என்றார் அவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் வண்டி இன்னும் அவருக்கு நின்றபாடில்லை.

"மெதுவா, மெதுவா," என்றாள் அவள், அடுத்த அரைக் கரண்டியை எடுத்தபடி.

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெயரே மெதுவாக்கா என்றுதான். ஆளைத் தூக்கும்போதும், புரட்டும்போதும், நகம் வெட்டும்போதும் அவள் வாயில் வரும் ஒரே சொல் அது. கண்டக்டரின் அறை வாசலுக்கு நேர் எதிரே முன்மேசை. மேசைமேல் ஒரு டேப், சிலேட்டுபோல் பெரிய திரையோடு, நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். எந்த அறையில் யார் கையிலுள்ள வாட்சை அமுக்கினாலும் அந்த டேப் 'டிங் டிங்' என்று கத்தும். செத்தவன் எழுந்து உட்காரும் சத்தம். கஞ்சிக் கிண்ணம் காலியாகும்வரை அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இதை அவள் பிறகு பல பேரிடம் சொன்னாள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, தண்ணீர் ஜாடியோடு கடைசி அறைக்குப் போனாள். அங்கேதான் டீச்சர் இருந்தார். கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, இடது பக்கமாகத் தரையில் கிடந்தார். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. கால் ஒன்று வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. படித்த படிப்புக்கு அதற்கு மேல் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பெலும்பு போய்விட்டது.

அவள் ஜாடியை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அவரை அசைக்காமல், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லி வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கூப்பிட்டேனே, பொண்ணே," என்றார் டீச்சர். குரலில் கோபமில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல் ஓர் ஆச்சரியம் மட்டும்தான். "ஒரு தடவை அமுக்கினேன். கையில அதிர்ந்துச்சு. சரி, நீ வந்துருவேன்னு உக்காந்திருந்தேன். பாத்ரூம் அவசரம். பொறுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் எந்திரிச்சேன். விழுந்தப்புறமும் அமுக்கினேன்."

"கேக்கல டீச்சர்."

டீச்சர் மெதுவாகக் கையை உருவி, வாட்சை அவளுக்குக் காட்டினார். சின்னத் திரை. அதில் நாலு கோடும் நிறைந்து நின்றன.

"நாலும் இருக்கே," என்றார்.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் பாடத்தை டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். முதல் நாள் வாட்சைக் கட்டிவிட்டபோது, 'இதுல நாலு கோடு இருக்கான்னு பாத்துக்கங்க டீச்சர். இருந்தா ஒரு தடவை அமுக்கினா போதும், நான் வந்துருவேன்,' என்று சொல்லியிருந்தாள். டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். கத்திக் கூப்பிடுவது அவர் வழக்கத்தில் இல்லை. ஒரு முறை கூப்பிட்டால் வர வேண்டும், வருவார்கள் என்று வகுப்பறையிலேயே காலத்தை ஓட்டியவர்.

*

மெதுவாக்கா இந்த வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. கல்யாணமான கையோடு மாமியார் படுக்கையில் விழுந்தார். படுக்கைப் புண் ஒன்றுகூட வராமல் அவரைப் பார்த்துக்கொண்டாள். வந்து பார்த்த நர்ஸ், 'இதையே படிச்சு வேலையா பாரும்மா, வீட்ல செஞ்சா யாரு மதிக்கப்போறா,' என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் போனபின் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அங்கே ஆளைத் தூக்கத் தன் இடுப்பை எப்படிக் காப்பது என்பதிலிருந்து, செத்தவர் வாயை எப்படி மூடுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்கள். அழாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தரவில்லை. அதை அவளாகவே கற்றுக்கொண்டாள்.

அவள் புருஷன் அதே இல்லத்தில் பராமரிப்பு ஆள். பைப், ஃபேன், மோட்டார், ஜெனரேட்டர், கொசுவலை எல்லாம் அவர் கை. வீடும் அங்கேயே, பின்பக்கம் ஒரு சமையலறையும் ஒரு அறையும். அவருக்கு 'ஃபுல்லு' என்று பெயர். குடியால் வந்த பெயர் இல்லை. அந்தக் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. எதையும் முழுசாகத் திருகாமல் விடமாட்டார், அதனால் வந்த பெயர். ஃபேன் ரெகுலேட்டர் கடைசி எண்ணில் நிற்கும். குழாயைத் திறந்தால் சுவரெல்லாம் தெறிக்கும். கியாஸ் அடுப்பில் பால் வைத்தால் பால் மேடையில்தான் இருக்கும். 'குடுத்திருக்கானே கம்பெனிக்காரன், அவன் என்ன பைத்தியமா? வேணாம்னா எதுக்கு அந்த எண்ணை வெச்சான்?' என்பார்.

டீச்சரின் மகன் தொலைதூரத்தில் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார். படம் உறைந்து உறைந்து போகிறது என்று மேனேஜரிடம் குறைபட்டார். அப்போது இல்லத்தில் இரண்டு இணையப் பெட்டிகள். முன்மேசைக்கு மேலே பெரிய ரவுட்டர் ஒன்று, கடைசி அறைகளுக்காகப் பின் வராந்தாவில் சின்னது ஒன்று. சின்னது பழசு, அடிக்கடி மூச்சு நின்றுவிடும். மேனேஜர் ஃபுல்லுவைக் கூப்பிட்டு, 'ஏதாவது பண்ணுங்க,' என்றார்.

ஃபுல்லு ஏதாவது பண்ணினார். பெரிய ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், அலையை எவ்வளவு பலமாக அனுப்புவது என்று ஒரு இடம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் நடுத்தரத்தில் விட்டுப் போயிருந்தார்கள். ஃபுல்லுவுக்கு அது அநியாயமாகப் பட்டது. கடைசிவரை தள்ளினார்.

கடைசி அறையில் டேப், போன், வாட்ச் எல்லாவற்றிலும் கோடுகள் நிமிர்ந்து நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு மகன் முகம் கண்ணாடிபோல் தெரிந்தது. முகச்சவரத்தில் விட்டுப்போன ஒரு முடியைக்கூட அவர் சுட்டிக்காட்டினார். மேனேஜர் வந்து பார்த்து, ஃபுல்லுவின் முதுகில் தட்டினார். 'ஒரே பெட்டி கடைசி ரூம்வரைக்கும் எட்டுதே, அப்புறம் எதுக்கு இந்தச் சின்னது?' என்று சொல்லி, அதைக் கழற்றி மாடியில் இருந்த தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். ஃபுல்லுதான் ஏணி வைத்து ஏறிக் கழற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

ஆனால் மகன் வேறொன்று சொன்னார். 'அம்மாகிட்ட ஏதாவது கேட்டா பதில் வர ரொம்ப நேரமாகுது. பாதி வார்த்தைதான் வருது. மறதி ஆரம்பிச்சிருச்சோ?' மேனேஜர் டாக்டரை வரவழைத்தார். டாக்டர், 'இன்னைக்கு என்ன கிழமை?' என்று கேட்டார். 'கிழமை எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னா காலண்டர் அங்க மாட்டியிருக்கு,' என்றார் டீச்சர். டாக்டர் சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாத்திரை எழுதினார்.

மெதுவாக்காவுக்கும் ஒரு உறுத்தல். டீச்சர் அமுக்கியதாகச் சொல்வார். மணி வந்திருக்காது. இன்னொரு சமயம் வரும். நாற்காலியில் கதவோரம் உட்கார்ந்து அமுக்கினால் வந்தது. கட்டிலில் படுத்து அமுக்கினால் சில நேரம் வரவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, டீச்சர் மணி சில சமயம் வர்றதில்ல. அந்தப் பெட்டியக் கழட்டினதுல இருந்துதான்."

"காலையில குளிப்பாட்டிட்டு டெஸ்ட் பண்றீங்கல்ல? வருதுல்ல?"

"அது குளியலறை வாசல்ல நின்னு பண்றது. முன்மேசை பக்கம்தான அது. கட்டில்ல படுத்தா வரமாட்டேங்குது."

அவர் எழுந்து, டீச்சர் அறைவரை நடந்து, தன் போனை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "நாலு கோடு. பாட்டே ஓடுது. உனக்கு எதுலயும் குறை கண்டுபிடிக்கணும். பெரியவங்க அமுக்க மறந்துட்டு அமுக்கினேங்கறாங்க. மறதின்னு டாக்டரே எழுதியிருக்காருல்ல?"

அவள் மறுபடி ஒரு தடவை சொன்னாள். அப்புறமும் ஒரு தடவை. அவர் ஒவ்வொரு முறையும் கோட்டைக் காட்டினார். கடைசியில் அவளும் விட்டுவிட்டாள். கண்ணுக்கு முன்னால் நாலு கோடு நிற்கும்போது எத்தனை தடவைதான் வாதாடுவது?

*

மகன் விமானம் ஏறி வந்தார். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த அம்மா, 'கூப்பிட்டேன், அந்தப் பொண்ணு வரல,' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது போதும். மேனேஜர் அறையில் நின்றுகொண்டே கேட்டார். "எங்கம்மா யாரப் பத்தியும் பொய் சொல்ல மாட்டாங்க. மணி அடிச்சதா இல்லையா?"

"இல்ல சார்," என்றாள் மெதுவாக்கா.

"வாட்ச் நல்லாதான் இருக்கு," என்றார் மேனேஜர். "பாட்டரி இருக்கு, சிக்னல் ஃபுல்லா இருக்கு. கம்பெனிக்குப் போன் போட்டும் கேட்டுட்டோம். மணி அடிச்சு, டேப்புல அதை அணைச்சிட்டா அப்புறம் திரையில ஒண்ணும் நிக்காது. யாரு அணைச்சாங்கன்னு நாம எப்படிச் சொல்றது?" சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டார். சபை அவளைப் பார்த்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள். கதவோரத்தில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஃபுல்லு நின்றிருந்தார். அதன் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

மகன் விடாப்பிடியாக, கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மெதுவாக்கா மறுபடி கண்டக்டர் அறைக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். வேலை போகுமா என்பது ஒரு பக்கம். அதைவிட, டீச்சர் மனதில் என்ன பதிந்து கிடக்கிறது என்பதுதான் அவளை அரித்தது. கேட்டும் வராதவள் என்று. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிறவளுக்கு இதைவிடக் கெட்ட பெயர் இல்லை. திருடி என்றால்கூட விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று சமையலறையில் ஃபுல்லு முதலில் பேசினார்.

"நீ நல்லா வேலை செய்யறவ. வெளியில எங்க போனாலும் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. என்னைய யாரு கூப்பிடுவா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் சாதத்தை வடித்தாள்.

"ரெண்டு பேர் பேரும் கெட்டா வீடும் போகும். ஒருத்தர் பேரோட நின்னா, ஒரு வேலையாவது மிஞ்சும். யோசிச்சுப் பாரு."

"யோசிச்சிட்டீங்களே, அப்புறம் நான் வேற எதுக்கு?" என்றாள்.

*

கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு பெண். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை. மேனேஜர் டீ கொடுத்தார், முன்மேசையைக் காட்டினார், சிக்னல் ஃபுல் என்று நாலு தடவை சொன்னார். அவர் டீயைக் குடித்துவிட்டு, "யாரு இந்த வாட்ச அதிகமா கையாளறது?" என்று கேட்டார். மெதுவாக்காவைக் காட்டினார்கள்.

"அக்கா, விழுந்தப்ப அவங்க எப்படி இருந்தாங்களோ, அப்படியே காட்டுங்க."

மெதுவாக்கா காலியான அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் இடது பக்கமாகப் படுத்தாள். கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே கட்டிலின் இரும்புக் காலும், அதற்குப் பின்னால் இரும்பு அலமாரியும். அமுக்கினாள். கையில் அதிர்ந்தது. முன்மேசை பேசவில்லை. இன்னொரு தடவை. பேசவில்லை. வாட்சில் நாலு கோடு.

பெண் லேப்டாப்பைத் தரையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மேனேஜரும் ஃபுல்லுவும் கதவில் நின்றார்கள்.

"இந்தக் கோடு எதைக் காட்டுதுன்னு தெரியுமா அக்கா? பெட்டி பேசறது வாட்சுக்கு எவ்வளவு நல்லா கேக்குதுங்கறத. வாட்ச் பேசறது பெட்டிக்குக் கேக்குதாங்கறத இது காட்டாது. அது பெட்டிக்குத்தான் தெரியும். இங்க பாருங்க, பெட்டி சொல்றத. இந்த வாட்ச் அதுக்கு ஏதோ முனகற மாதிரிதான் கேக்குது. பாதி நேரம் அதுவும் இல்ல."

"அமுக்கினா அதிருதே?"

"அமுக்கினது தெரிஞ்சுதுன்னு வாட்சே அதிருது. போய்ச் சேர்ந்துதுன்னு அர்த்தம் இல்ல." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "பெரிய ஸ்டேஷன்ல மைக்குல அறிவிப்பு சொல்வாங்கல்ல சார், கடைசி பிளாட்பாரம்வரைக்கும் கேக்கும். அங்கிருந்து நீங்க பதில் சொன்னா மைக்ல பேசறவங்களுக்குக் கேக்குமா? மைக்கை இன்னும் கூட்டினா அவங்க சத்தம்தான் கூடும். உங்க சத்தம் அதே சத்தம்தான். பெட்டியோட பவரக் கூட்டினா அதோட வாய்தான் பெருசாகும் சார். காது அதே காதுதான்."

"போன்ல நல்லா ஓடுச்சே, மேடம்," என்றார் ஃபுல்லு. அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

"போனுக்குப் பெரிய பாட்டரி, கொஞ்சம் பெரிய குரல். வாட்சுக்கு இத்துனூண்டு பாட்டரி, நாள் முழுக்கத் தாங்கணும்னு மெலிசா பேசற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. அதுலயும் உடம்புக்கு அடியில மாட்டிக்கிட்டா இன்னும் அமுங்கும். போன்ல டெஸ்ட் பண்ணி வாட்சுக்குச் சரின்னு சொல்லக்கூடாது. போன்லயே, டேப்புலயே, இங்கிருந்து போற படம் விட்டு விட்டுத்தான் போயிருக்கணுமே? வர்றது மட்டும் பளிச்சுன்னு வந்திருக்கும்."

மெதுவாக்கா தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மகன் முகம் கண்ணாடியாக இந்தப் பக்கம். அந்தப் பக்கம், கேட்டதற்குப் பாதி வார்த்தையோடு உறைந்துபோன அம்மா. நடுவில் மறதிக்கு ஒரு மாத்திரை.

"யாரு ஃபுல்லுல வெச்சது? நாங்க நடுவுலதான வெச்சிட்டுப் போனோம்," என்றார் பெண். "இங்க இன்னொரு பெட்டி இருந்துதே, அது எங்க?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அது… மாடில."

"அதுதான் சார் இந்த ரூமுக்குக் காது. வாட்சுக்குப் பக்கத்துல அது இருந்ததால வாட்ச் மெல்லப் பேசினாலும் போய்ச் சேர்ந்துச்சு. நீங்க காதைக் கழட்டிட்டு வாயைக் கூட்டியிருக்கீங்க. பவர முன்னாடி மாதிரி நடுவுலயே விட்டுட்டு இந்தப் பெட்டிய மட்டும் கழட்டியிருந்தா, இந்த ரூம்ல ஒரு கோடோ ரெண்டு கோடோதான் தெரிஞ்சிருக்கும். ஏதோ சரியில்லன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. ஃபுல்லா நின்னதாலதான் யாருக்கும் தெரியல."

அந்தப் பெட்டியைப் பழையபடி மாட்ட வேண்டும், பழசு என்றால் புதுசு வாங்கி மாட்ட வேண்டும், முன்னாடி இருப்பதை நடுத்தரத்துக்கு இறக்க வேண்டும் என்றார். இறக்காமல் விட்டால், பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தாலும் வாட்ச் தூரத்தில் கத்துவதையே பிடித்துக்கொண்டு தொங்கும் என்றார். கடைசிவரை முடுக்கினால் சில பெட்டிகளுக்குப் பேச்சே கரகரத்துவிடும், அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கும் இடைஞ்சல் என்றார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அப்ப மணி அடிக்கல, இல்லையாம்மா?" என்றாள் மெதுவாக்கா.

"அடிச்சிருக்க வழியே இல்லக்கா."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம். பெண் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பக்கத்து ஊரில் இன்னொரு பழுது இருந்தது.

*

மத்தியானம் மேனேஜர் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஃபுல்லுவும் அங்கே, ஸ்டூலில். மேஜைமேல் பெரிய போன், ஸ்பீக்கரில் பேசும் வகை. மாடி ஜன்னலோரத்தில் சின்னப் பெட்டி பச்சைப் புள்ளிகளோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பாரும்மா. மெஷின் தப்புன்னு வெளிய போனா, இங்க இருக்கற எல்லா வாட்ச் மேலயும் சந்தேகம் வரும். எல்லாரும் பெரியவங்களக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் உனக்கும் எனக்கும் இங்க என்ன வேலை? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். அவர்கிட்ட, கவனிக்கல, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. விஷயம் முடிஞ்சுது."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"சார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றார் ஃபுல்லு.

மேனேஜர் எண்களை அமுக்கினார். மகன் எடுத்தார். மேனேஜர் குழைந்து பேசிவிட்டு, "இதோ, அவங்களே பேசறாங்க," என்று போனை அவள் பக்கம் தள்ளினார். அவள் குனிந்தாள்.

"சார், நான்தான். மணி வரல சார். டீச்சர் அமுக்கினது நெஜம், ஆனா அது வந்து சேரல. கம்பெனியில இருந்து வந்து பார்த்துச் சொல்லிட்டாங்க. இங்க இருந்த பெட்டியக் கழட்டி…"

"ஹலோ?" என்றது போன்.

"சார், கேக்குதா? கேட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் கஞ்சி குடுத்துக்கிட்டு…"

"ஹலோ? இருக்கீங்களா? வாயத் திறக்கக்கூட மாட்டேங்கறாங்களே. எங்கம்மா அவங்களப் பத்தி எவ்வளவு பெருமையா சொல்வாங்க தெரியுமா? மெதுவாத் தூக்குவா, மெதுவாப் பேசுவான்னு. ஹலோ?"

அப்போதுதான் போனின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அவள் கண்ணில் பட்டது. மேனேஜரின் விரல் அதன் பக்கத்திலேயே இருந்தது.

"அது என்ன சார், சிவப்பா எரியுது?"

"ஸ்பீக்கர்னா அப்படித்தான் எரியும்."

தினமும் முன்மேசையில் இதே மாதிரிப் போனில் பேசுகிறவள் அவள். பேச்சை அடைக்கும் பட்டன் எது என்று அவளுக்குத் தெரியாதா? கையை நீட்டினாள். அதற்குள் மேனேஜர் போனைத் தன் பக்கம் இழுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பேசினார். "அவங்களால பேச முடியல சார். அழுதுட்டிருக்காங்க. மன்னிப்புக் கேட்டுக்கறாங்க."

மெதுவாக்காவின் கண் காய்ந்து கிடந்தது. "நான் அழல!" என்று அவள் கத்தியபோது போன் வைக்கப்பட்டுவிட்டது. அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றுவதாக மகன் கடைசியாகச் சொன்னது மட்டும் அறையில் மிஞ்சியது. எந்த இல்லம் என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மகனைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

படியில் இறங்கும்போது ஃபுல்லு பின்னாலேயே வந்தார். "வேலை மிஞ்சுச்சுல்ல? அதப் பாரு," என்றார். அவள் படியைப் பார்த்து இறங்கினாள். அன்று கண்டக்டருக்குக் கஞ்சி ஊட்டும்போது 'மெதுவா' என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "என்னம்மா, வண்டி பிரேக் டவுனா?" என்றார் கண்டக்டர். "விழுங்குங்க," என்றாள்.

*

மறுநாள் காலை ஃபுல்லு ஏணியைப் போட்டு, பின் வராந்தாவில் பழைய ஆணியிலேயே பெட்டியை மாட்டினார். முன்னாடி இருந்த பெரியதை நடுத்தரத்துக்கு இறக்கினார். இறக்கும்போது முகம் சுளித்தது. முன்மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, 'என்னப்பா, என் போன்ல ஒரு கோடு குறைஞ்சிருச்சு,' என்றார். மேனேஜர் மாடிப்படியில் நின்று, பத்து மணிக்குக் கடைசி அறைக்குப் புது ஆள் வருவதாகவும், எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மெதுவாக்கா புது ஆளுக்கான வாட்சைத் தன் இடது கையில் கட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். கோட்டைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் படுத்தாள். கையை உடம்புக்கு அடியில் போட்டாள். அமுக்கினாள்.

முன்மேசை கத்தியது.

"வந்துச்சு!" என்றார் அங்கே நின்ற ஃபுல்லு.

அவள் இன்னொரு தடவை அமுக்கினாள்.

"வந்துச்சுப்பா!"

"அன்னைக்கு?" என்று அவள் படுத்த இடத்திலிருந்தே கத்தினாள். அந்த வராந்தாவில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கதவுகளில் தலைகள் தெரிந்தன. சக்கர நாற்காலி ஒன்று நின்றது.

 அவள் அமுக்கினாள்.

"வந்துச்சு. போதும், எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னைக்கு?"

அமுக்கினாள். மணி கத்தியது. மறுபடி அமுக்கினாள். மணி கத்தியது. 'என்ன சத்தம் அங்க?' என்று மாடியிலிருந்து மேனேஜர் கேட்டார். கண்டக்டர் தன் கட்டிலிலிருந்து, "பதில் சொல்லுய்யா, வண்டி கிளம்பணும்!" என்றார்.

"அன்னைக்கு வந்துச்சா, வரலையா?"

கேட்டுவிட்டு அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஃபுல்லுவின் குரல் வந்தது. முழுசாகத் திருகாத குரல். ஆனாலும் வராந்தாவின் இரண்டு கோடிக்கும் கேட்டது.

"வரல."

 டீச்சர் அங்கே இல்லை.

அவள் முழங்காலை ஊன்றி எழுந்தாள். இடுப்பு வலித்தது. வாட்சைக் கழற்றிச் சார்ஜில் போட்டாள். டீச்சரின் மெத்தை விரிப்பை உருவி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, புது விரிப்பை உதறி, சுருக்கமில்லாமல் நாலு மூலையிலும் இழுத்துச் சொருகினாள். சுருக்கம் இருந்தால் புண் வரும். பிறகு கட்டிலைச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டு, அங்கிருந்து வாசலோரக் கைப்பிடி எத்தனை அடி என்று நடந்து அளந்து பார்த்தாள். அடுத்து கண்டக்டருக்குக் கஞ்சி. அதற்கு நேரமாகிவிட்டது.